கழுவினாலும் போகாத கிடா வாடை: ஆட்டுக்கறியில் மொச்சை எங்கிருந்து வருகிறது?

கறியை நான்கு தண்ணீரில் அலசியாயிற்று. உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி மறுபடியும் கழுவியாயிற்று. முகர்ந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்பில் ஏற்றி அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், கனமான ஒரு வாடை முகத்தில் அடிக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதல் வாயிலேயே நிறுத்திவிடுகிறார்கள். "சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது" என்று பழி சமைத்தவர் மேல் விழுகிறது.

கழுவியதில் ஒரு குறையும் இல்லை. அந்த வாடை தண்ணீர் போய்த் தொடக்கூடிய இடத்தில் இல்லை, கொழுப்புக்குள் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எந்த ஆட்டில் வாடை வரும், எதில் வராது, எந்தக் கைவைத்தியம் பலிக்கும், எது வீண் வேலை என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இரண்டு வாடைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருப்பது நல்லதாகப் போயிற்று. ஒன்று கவுச்சி. பச்சை இறைச்சிக்கும் அதில் ஒட்டியிருக்கும் ரத்தத்துக்கும் உள்ள வாடை அது. எந்த விலங்கின் கறியிலும் இருக்கும், கழுவினால் குறையும், வெந்தால் அநேகமாகப் போய்விடும். இன்னொன்று மொச்சை. கிடா நிற்கும் பட்டிப் பக்கம் போனால் தூரத்திலேயே மூக்கில் ஏறுகிற, வியர்வையும் பழைய நெய்யும் கலந்தது போன்ற வாடை. இது வேக வேகக் கூடும். பச்சைக் கறியில் கொழுப்பு உறைந்து கிடக்கும்போது அடங்கியிருக்கும், கொழுப்பு உருகியதும் வெளியே வரும். கழுவும்போது இல்லாத வாடை கொதிக்கும்போது வந்ததற்குக் காரணம் இதுதான். கறி கெட்டுப்போய் வரும் புளித்த, அழுகிய நாற்றம் இந்த இரண்டிலும் சேராது. கறி கொழகொழவென்று பிசுபிசுத்து அந்த நாற்றமும் அடித்தால், வாடையைக் குறைக்கும் முயற்சியே வேண்டாம், தூக்கி எறிந்துவிட வேண்டும்.

வாடையின் பெயர்

ஆட்டு வாடைக்கு என்று வழக்கமாகக் காட்டப்படும் மூன்று கொழுப்பு அமிலங்கள் உண்டு: காப்ராயிக், காப்ரிலிக், காப்ரிக். மூன்று பெயரும் லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் காப்ரா என்ற சொல்லிலிருந்து வந்தவை. ஆட்டுப் பாலிலும் பாலாடைக்கட்டியிலும் இவை நிறைய உண்டு. ஆனால் கறியில் மூக்கைத் துளைக்கிற மொச்சைக்கு இவை முக்கியக் காரணம் அல்ல. உண்மையான ஆள் இவற்றின் பங்காளி ஒன்று, 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம். சாதாரணக் கொழுப்பு அமிலங்களில் கார்பன் அணுக்கள் ஒரே சரமாக நேராக நிற்கும். இதில் அந்தச் சரத்தின் நடுவே ஒரு சின்னக் கிளை பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கிளையால் வாடையின் வீரியம் பல மடங்காகிவிடுகிறது. தண்ணீரில் நூறு கோடிப் பங்குக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். இதே வகைக் கிளை உள்ள இன்னொரு அமிலம், 4-மெத்தில் ஆக்டனாயிக், செம்மறி ஆட்டுக் கறிக்கு உரிய மணத்தைத் தருவதில் பங்கு வகிக்கிறது.

இவ்வளவு குறைந்த அளவிலேயே தெரிந்துவிடும் என்பது சமைப்பவருக்கு முக்கியமான செய்தி. வாடையைப் பாதியாகக் குறைத்தேன் என்றால் மூக்குக்குப் பாதியாகத் தெரியாது, கொஞ்சம்தான் குறைந்ததுபோல் இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு வித்தை போதாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அமிலங்கள் துளியும் இல்லாவிட்டால் ஆட்டுக்கறி ஆட்டுக்கறியாகவே இருக்காது. மிகச் சிறிய அளவில் அது மணம், அளவு மீறும்போது மொச்சை.

கிடாவுக்கு மட்டும் ஏன்

பெட்டை ஆட்டிலும் ஆட்டு மணம் உண்டு, மொச்சை கிடையாது. காயடித்த கிடாவும் அநேகமாக அப்படித்தான். விரை இருக்கிற, பருவத்துக்கு வந்த கிடாவில்தான் அது கொடிகட்டிப் பறக்கும். விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் இயக்குநீர், தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. கிடாவின் தலையில், குறிப்பாகக் கொம்பின் அடிக்குப் பின்னால், இந்தச் சுரப்பிகள் பெருத்துப் போய் ஒட்டும் பசை போல ஒன்றைக் கசியவிடும். அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் வெகுநேரம் கை மணக்கும்.

2014-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதை அழகாகப் படம்பிடித்தார்கள். கிடாக்களின் தலையில் குல்லா போன்ற ஒரு கருவியை மாட்டி, தலை ரோமத்திலிருந்து எழும் மணத்தைச் சேகரித்தார்கள். காயடித்த கிடாக்களிடமும் அதே முறையில் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். காயடிக்காத கிடாவில் மட்டும் 4-எத்தில் ஆக்டனல் என்ற பொருள் கிடைத்தது. பெட்டை ஆடு அதை முகர்ந்ததும் அதன் மூளையில் சினைப்பருவத்தை இயக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. அந்தப் பொருள் காற்றுப் பட்டால் மெல்ல மாறி, நாம் மேலே பார்த்த அதே 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலமாகிறது. நம் மூக்குக்கு மொச்சையாக இருப்பது, பெட்டைக்குக் கிடா விடுகிற அழைப்பின் மிச்சம்.

இனச்சேர்க்கைப் பருவத்தில் இது உச்சத்துக்குப் போகும். பருவ மாற்றம் கடுமையாக உள்ள நாடுகளில் பகல் குறையும் மாதங்களில்தான் கிடா மதம் கொள்ளும், வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு அளவில் இருக்கும். அந்த நேரத்தில் கிடா தன் தாடியிலும் முகத்திலும் முன்னங்கால்களிலும் தானே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். அது தனி நாற்றம், தோலோடும் ரோமத்தோடும் போய்விடக்கூடியது. ஆனால் தோலுரிக்கிறவர் ரோமத்தைப் பிடித்த கையாலேயே, அதே கத்தியாலேயே கறியைத் தொட்டால், மேலே இருந்த நாற்றம் கறியில் ஏறிவிடும். நல்ல கறிக்காரர் தோலைத் தொடுகிற கை ஒன்று, கறியைத் தொடுகிற கை ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்வார், தலைப்பக்கம் முடித்ததும் கத்தியைக் கழுவுவார். இப்படி மேலோட்டமாக ஒட்டிய வாடையைக் கழுவலாம், மேல் சவ்வை உரித்தும் எடுக்கலாம். உள்ளே கொழுப்பில் சேர்ந்ததைக் கழுவ முடியாது.

வயது எங்கே வருகிறது

"இளங்குட்டிக் கறி வாங்கு, நாறாது" என்று சொல்வது சரிதான். அதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல. குட்டியில் ஆண் இயக்குநீர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, கொழுப்பும் அதிகம் சேரவில்லை. சில இனங்களில் கிடாக்குட்டி மூன்று நான்கு மாதத்திலேயே தாவத் தொடங்கிவிடும், பலவற்றில் ஐந்திலிருந்து எட்டு மாதம் ஆகும். அதற்கு முன் அறுத்த கிடாக்குட்டிக்கும் பெட்டைக்குட்டிக்கும் கறியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பருவம் வந்த பிறகுதான் பாதை பிரிகிறது. கிடாவில் ஒவ்வொரு மாதமும் வாடைப் பொருள் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். பெட்டையில் ஆட்டு மணம் மெல்லக் கூடும், கறி கடினமாகும், மொச்சை மட்டும் வராது. நான்கு வயதுப் பெட்டையின் கறி வேக இரண்டு மணி நேரம் கேட்கும், ஆனால் வீட்டை நாறடிக்காது. ஒன்றரை வயதுப் பொலிகிடா சீக்கிரம் வெந்துவிடும், வாடையில் ஆளைத் தூக்கிவிடும். கறி முற்றியது வேறு, மொச்சை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தப்பான வைத்தியம் செய்கிறார்கள்.

காயடிப்பதன் பலனும் இதே கணக்குத்தான். பருவத்துக்கு வரும் முன்பே காயடித்தால் வாடை உருவாகவே வழி இல்லை. வளர்ந்த கிடாவைக் காயடித்தால் புதிதாகச் சுரப்பது அடங்கும், ஆனால் ஏற்கெனவே கொழுப்பில் சேர்ந்தது கரையப் பல வாரங்கள் ஆகும். நேற்றுக் காயடித்து இன்று அறுத்தால் ஒரு பயனும் இல்லை.

உயிருள்ள ஆட்டைப் பார்த்து வாங்குகிறவருக்குப் பல் உதவும். ஆட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பற்கள். குட்டியில் எட்டும் சின்னப் பால்பற்கள். நடுவில் உள்ள இரண்டு விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தால், ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஒன்றரை வயது. நான்கு முளைத்திருந்தால் இரண்டை ஒட்டிய வயது. விரையோடு இருக்கும் கிடா பல் போட்டுவிட்டது என்றால், மொச்சை இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வாங்க வேண்டும்.

வெட்டிய கறியாக வாங்கும்போது ஒரு சோதனை உண்டு, நான் விடாமல் செய்வது. சுண்டுவிரல் நக அளவு வெள்ளைக் கொழுப்பைக் கிள்ளி, சூடான வெறும் வாணலியில் போட்டு அரை நிமிடம் உருகவிட்டு, அந்தப் புகையை முகர வேண்டும். எண்ணெய் ஊற்றக் கூடாது. இளசான கறியின் கொழுப்பு நெய் காய்ச்சும்போது வருவதுபோல் மணக்கும். கிடாக் கொழுப்பு என்றால் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். பச்சையாக முகர்ந்து ஏமாறுவதைவிட இது எவ்வளவோ மேல். இதைச் செய்த பிறகுதான் கறியை எப்படிச் சமைப்பது என்று முடிவு செய்வேன்.

ஒரு கிலோ கிடாக்கறி

சோதனையில் வாடை அடித்துவிட்டது, கையில் எலும்போடு ஒரு கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை கத்தி வேலை. கறியை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கொழுப்பு இறுகி நிற்கும், வெட்ட எளிது. மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் பாளம், தசையும் தசையும் சேரும் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் கொழுப்பு, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். சவ்வின் ஓரத்தைக் கத்தி நுனியால் தூக்கி, துணி வைத்துப் பிடித்து இழுத்தால் நீளமாக உரிந்து வரும், கூடவே கொழுப்பும் வரும். தொடைக்கறியின் நடுவே கொழுப்பில் பொதிந்து சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை தட்டுப்படும். அது நிணநீர்க் கட்டி. வாடை அதற்குள் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். வாடை அதைச் சுற்றியுள்ள கொழுப்பில்தான். இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு வந்திருந்தால் ஒரு துளிகூட வேண்டாம். இந்தக் கால் மணி நேர வேலை, பின்னால் செய்யப்போகும் எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தரும்.

அடுத்தது, ஒரு கொதி விட்டு வடிப்பது. இரண்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கறியைப் போட்டு, மூடாமல் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதி வந்த பிறகு ஐந்தாறு நிமிடம் விட்டால் பழுப்பு நுரையும் எண்ணெய்த் திட்டுகளும் மேலே மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பலர் தவறுவது இதற்கு அடுத்த நொடியில். வடித்த கறியைக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உருகிய கொழுப்பு உறைந்து கறியின் மேலேயே பூச்சாக ஒட்டிக்கொள்ளும். எதை விரட்டினோமோ அதையே திரும்பக் கூப்பிட்டதுபோல ஆகிவிடும். அலசுவது வெந்நீரில்தான். பாத்திரத்தையும் கழுவிவிட்டு மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும், விளிம்பில் படிந்த வளையத்தில்கூட வாடை இருக்கும்.

பிறகு ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு, நசுக்கிய இஞ்சி, வெங்காயம் ஒன்று போட்டுச் சிறு தீயில் வேக வைக்க வேண்டும். மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், இறுக்கி மூட வேண்டாம். இந்த அமிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியோடு சேர்ந்து வெளியே போகும். இறுக மூடினால் ஆவி மூடியில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாகத் திரும்பிப் பாத்திரத்துக்குள்ளேயே விழும். குக்கரில்தான் வைக்க வேண்டும் என்றால், முதலில் இருபது நிமிடம் திறந்து கொதிக்கவிட்டு அப்புறம் மூடலாம். அப்போது வீட்டில் வாடை வருவது நல்ல அறிகுறிதான், அந்த அளவுக்குக் கறியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறி வெந்ததும் அன்றைக்கே சாப்பிட அவசரப்படாவிட்டால் பெரிய லாபம் உண்டு. கறியையும் சாற்றையும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு மூடி போல் கொழுப்பு இறுகியிருக்கும். ஆட்டுக் கொழுப்பு கெட்டியானது என்பதால் கரண்டியால் நெம்பினால் அப்பளம் போல ஒடிந்து வரும். அந்தத் துண்டைக் கையில் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பட்டி வாடை அப்படியே அதில் இருக்கும். அடியில் உள்ள சாற்றை முகர்ந்தால் வெறும் கறி மணம்தான். வாடை கொழுப்பில் இருக்கிறது என்று நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, இதைச் செய்து பார்த்தால் போதும்.

அதற்கு மேல் தாளிப்பு. புது எண்ணெயில் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, பூண்டு, இஞ்சி, மிளகு, தனியா, கிராம்பு, ஏலக்காய் சேர்த்து, கறியையும் சாற்றையும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். மசாலா மொச்சையை அழிப்பதில்லை. மூக்கின் கவனத்தை வேறு பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். மிஞ்சியிருக்கும் கொஞ்ச வாடைக்கு அது போதும். கொழுப்பை எடுக்காமல் மசாலாவை மட்டும் இரட்டிப்பாக்கினால் காரமும் மொச்சையும் ஒன்றாக வரும், அது இன்னும் மோசம்.

எலுமிச்சை ஏன் ஏமாற்றுகிறது

மீனில் எலுமிச்சை பிழிந்தால் வாடை அடங்குகிறது, கறியிலும் அப்படியே செய்வோம் என்று தோன்றுவது இயல்பு. மீன் வாடைக்குக் காரணமான பொருள்கள் காரத்தன்மை கொண்டவை. அமிலம் பட்டால் அவை உப்பாக மாறி, காற்றில் எழும்ப முடியாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆட்டு மொச்சையோ தானே ஓர் அமிலம். அதன் மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் அது அடங்காது, காற்றில் எழும்பும் வடிவத்திலேயே நின்றுவிடும். வினிகருக்கும் இதே கதைதான். எலுமிச்சைக்கு அதன் சொந்த மணமும் புளிப்பும் உண்டு. பரிமாறும்போது பிழிந்தால் வாயில் கொழுப்புப் படிந்த உணர்வைக் குறைக்கும். அந்த அளவில் நல்லது. கழுவும்போது பிழிவது கவுச்சிக்கு மட்டும்.

அப்படியானால் காரமான சமையல் சோடா வேலை செய்யுமா? கணக்குப்படி செய்யும், அமிலத்தை உப்பாக்கும். ஆனால் கறிக்குள் கொழுப்பில் கரைந்து கிடப்பதை அது எட்டாது. அளவு கூடினால் கறி மாவு போலக் குழைந்து சோப்புச் சுவை வரும். அதோடு, பின்னால் தக்காளியோ புளியோ சேர்த்தால் உப்பானது மறுபடி அமிலமாகிவிடும். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தயிர் ஓரளவு உதவும். கிலோவுக்கு 200 கிராம் தயிரில் கறியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, தயிரை வழித்து எறிந்துவிட்டுச் சமைக்கலாம். அதையும் கொழுப்பை நீக்கிய பிறகு செய்தால்தான் பலன் தெரியும்.

இவ்வளவும் செய்தாலும் மதம் கொண்ட முற்றிய பொலிகிடாவில் வாடை முழுக்கப் போகாது. தசை நார்களுக்கு இடையே நூல் நூலாக ஓடும் கொழுப்பைக் கத்தியும் எடுக்காது, கொதியும் முழுசாக எடுக்காது. அந்தக் கறியைச் சூப்புக்கோ, கொழுப்போடு நெருப்பில் வாட்டுவதற்கோ எடுக்காதீர்கள். நீண்ட நேரம் வேகிற, வெங்காயமும் மிளகும் தூக்கலாக உள்ள குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும்போது சூடாக இருக்கட்டும். ஆறினால் மிச்சமிருக்கும் கொழுப்பு உதட்டிலும் அண்ணத்திலும் பிசினாக ஒட்டி, வாடையை வாயிலேயே தங்கவைத்துவிடும்.